பள்ளி நூலகத்துக்கு நிதி கேட்டு ஒரு வீடியோ: ஒன்றரை நிமிடமா, நாலு நிமிடமா, கடைசியில் என்ன சொல்லிக் கேட்பது?

அரசுப் பள்ளியில் காலியாகக் கிடக்கும் ஒரு அறையை நூலகமாக்க ஊர்க்காரர்களிடமும் முன்னாள் மாணவர்களிடமும் பணம் கேட்கலாம், அதற்கு ஒரு வீடியோ எடுக்கலாம் என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேச்சு வந்தால் பெரும்பாலும் மூன்று யோசனைகள் மேசைக்கு வரும். கல்யாண வீடியோ எடுப்பவரைக் கூப்பிட்டு ட்ரோன், பின்னணி இசை எல்லாம் வைத்து நாலு நிமிடப் படமாக எடுப்பது ஒன்று. போனை நிமிர்த்திப் பிடித்து ஒன்றரை நிமிடத்துக்குள் முடிப்பது இரண்டாவது. குழுவில் இருக்கும் இளைஞர்கள் சொல்வது மூன்றாவது, அதாவது அரை நிமிட ரீல்ஸ் போட்டால் போதும் என்பது.

என் தேர்வு ஒன்றரை நிமிடம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் நாலு நிமிடப் படத்துக்கும் ஒரு இடம் இருக்கிறது. அந்த இடம் எது என்று தெரியாமல் எடுப்பதால்தான் அது வீணாகிறது.

பேச்சு காற்றில் போகாமல் இருக்க ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். 180 பிள்ளைகள் படிக்கும் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, ஒரு அறை காலியாக இருக்கிறது என்று வையுங்கள். 100 ரூபாய் சராசரி விலையில் 600 புத்தகம், 60,000 ரூபாய். பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற உயரத்தில் நாலு இரும்பு அலமாரி, ஒன்று 8,000 என்றால் 32,000. பாய், தாழ்வான மேசை, ஒரு ஃபேன், இரண்டு டியூப்லைட் எல்லாம் சேர்த்து 13,000. அடுத்த வருடம் கிழிந்த புத்தகங்களை மாற்றவும் புதிதாக வாங்கவும் 15,000. மொத்தம் 1,20,000 ரூபாய். இதை 240 பேர் ஆளுக்கு 500 என்று பிரித்தால் கணக்கு சரியாக வருகிறது. விலைகள் உங்கள் ஊரில் வேறாக இருக்கும். ஆனால் கேமராவைக் கையில் எடுப்பதற்கு முன்னால் இந்த வகுத்தல் கணக்கு முடிந்திருக்க வேண்டும், ஏனென்றால் வீடியோவின் கடைசி 25 விநாடி முழுக்க இந்த எண்ணின் மேல்தான் நிற்கப் போகிறது.

நீளம்: பார்ப்பவர் எங்கே இருக்கிறார் என்பதுதான் கேள்வி

இந்த 240 பேரும் வீடியோவை எங்கே பார்ப்பார்கள்? முக்கால்வாசிப் பேர் வாட்ஸ்அப் குழுவில், பேருந்திலோ டீக்கடையிலோ நின்றுகொண்டு, சத்தத்தை வைக்காமல் பார்ப்பார்கள். அந்த நிலையில் இருப்பவருக்கு நாலு நிமிடம் என்பது அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கிற நீளம். அப்புறம் பார்க்கிறேன் என்று வைத்தவர் அந்தக் குழுவில் இன்னும் நாற்பது செய்தி வந்து மேலே குவிந்த பிறகு தேடி வரமாட்டார். ட்ரோன் காட்சி, பள்ளியின் பெயர்ப் பலகை, தலைமையாசிரியரின் வரவேற்பு, ஊராட்சித் தலைவர் இரண்டு வார்த்தை என்று போகும் படத்தில் நூலகம் என்ற சொல் வருவதற்கே ஒரு நிமிடம் ஆகிவிடுகிறது. பணம் எப்படித் தருவது என்பது மூன்றரை நிமிடத்துக்கு மேல்தான் வரும். அந்த இடம் வரை பார்த்தவர் எத்தனை பேர் என்று அறிய வேண்டுமானால் வீடியோவை யூடியூபில் ஏற்றி, அங்கே கிடைக்கும் பார்வைக் கோட்டைப் பாருங்கள். எந்த விநாடியில் எத்தனை பேர் விலகினார்கள் என்று அது காட்டும். வரவேற்புரை வரும் இடத்தில் கோடு சறுக்கியிருந்தால் அதை எதிர்த்து யாரும் வாதாட முடியாது, குழுவில் சமாதானம் பேசவும் அந்தக் கோடு உதவும்.

அப்படியானால் அரை நிமிடம்? பார்ப்பார்கள், அதில் சந்தேகம் இல்லை. முன்பின் தெரியாதவர்களிடம் கூடப் போய்ச் சேரும். ஆனால் பணம் தருபவர் மனதில் எழும் இரண்டு கேள்விகளுக்கு அரை நிமிடத்தில் பதில் சொல்ல இடம் கிடைக்காது. முதல் கேள்வி, அரசு தருவதில்லையா? இரண்டாவது, வாங்கிய புத்தகத்தைப் பீரோவில் பூட்டி வைத்துவிட மாட்டீர்களே? நம்ம ஊரில் அரசுப் பள்ளியில் படித்த யாருக்கும் இந்த இரண்டாவது கேள்வி வராமல் இருக்காது, ஏனென்றால் பூட்டிய பீரோவைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். இவற்றுக்குப் பதில் இல்லாத வீடியோவுக்கு லைக் வரும், பகிர்வு வரும், பணம் வராது. அதனால் ரீல்ஸ் என்பது ஒன்றரை நிமிட வீடியோவிலிருந்து வெட்டி எடுத்துப் போடுகிற துண்டாக இருக்கட்டும். அதற்கென்று தனியாக உழைக்க வேண்டாம்.

நாலு நிமிடப் படத்தின் இடம் ஒரு மண்டபம். முன்னாள் மாணவர் சந்திப்பில் 80 பேர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள், விளக்கை அணைத்துவிட்டுத் திரையில் போடுகிறீர்கள், அங்கே யாரும் எழுந்து போகமாட்டார்கள். பழைய வகுப்பறை, பழைய வேப்பமரம், ஓய்வு பெற்ற ஆசிரியரின் முகம் எல்லாம் அங்கே வேலை செய்யும். நாலு நிமிடம் குறைவு என்றுகூடத் தோன்றும். ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்டுப் போனாலும் நீளமான படம் பயன்படலாம், ஆனால் அவர்கள் முடிவெடுப்பது திட்ட அறிக்கையையும் செலவுக் கணக்கையும் பார்த்து. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளுக்கு அப்படிப்பட்ட நன்கொடைகளையும் கொண்டுவருவதற்காக 2022 டிசம்பரில் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் தொடங்கப்பட்டது. லட்சக்கணக்கில் ஒருவரே தருவதாக இருந்தால் அந்த வழியைப் பாருங்கள். 240 பேர் ஆளுக்கு 500 என்பது வேறு வேலை.

தொடக்கம்: ஒழுகும் கூரையா, படிக்கிற பிள்ளையா

இதில்தான் குழுவுக்குள் சண்டை வரும், வரட்டும், பேசித் தீர்க்க வேண்டிய விஷயம்தான். ஒரு பக்கம், காலி அறை, உடைந்த ஜன்னல், தூசி, சோகமான இசை என்று தொடங்கினால் மனசு இரங்கும் என்பார்கள். நான் இதற்கு முழுக்க எதிர்ப்பு. தம் பிள்ளையை இரக்கப் பொருளாகக் காட்டுவதைப் பெற்றோர் விரும்பமாட்டார்கள். அதோடு, அரசுப் பள்ளியின் தலைமையாசிரியர் தன் கட்டடத்தை மோசமாகக் காட்டுகிற வீடியோவுக்கு அனுமதி தந்தால் மறுநாள் அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு போன் வரும், அது தெரிந்த அவர் கடைசி நேரத்தில் பின்வாங்குவார். அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

இன்னொரு பக்கம், புள்ளிவிவரத்தில் தொடங்குபவர்கள். இத்தனை பிள்ளைகள், இத்தனை சதவீதம் பேருக்கு வாசிக்க வரவில்லை என்று. இதைப் பற்றி ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் என்ற மூவர் 2007-இல் வெளியிட்டது. அமெரிக்காவில் ஒரு கருத்துக் கணிப்பில் கலந்துகொண்டவர்களுக்கு 5 டாலர் கொடுத்துவிட்டு, ஆப்பிரிக்காவின் உணவுப் பஞ்சத்துக்கு அதிலிருந்து எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டார்கள். மாலி நாட்டுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி மட்டும் படித்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் தந்தார்கள், லட்சக்கணக்கானவர்களின் புள்ளிவிவரத்தை மட்டும் படித்தவர்கள் 1.14 டாலர். சிறுமியையும் புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் கொடுத்தால் கூடும் என்றுதானே நினைப்போம்? 1.43-க்கு இறங்கியது. பஞ்சமும் நூலகமும் ஒன்றல்ல, அங்கே கண்டதை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனாலும் ஒரு பிள்ளையைக் காட்டும்போது அதன் தலைமேல் 180 என்ற எண்ணை எழுதாதீர்கள் என்கிற அளவுக்கு அதை நம்பலாம்.

அதனால் என் தொடக்கம் இப்படி இருக்கும். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒரு கதைப் புத்தகத்தை மடியில் வைத்து வாய்விட்டு ஒரு வரி வாசிக்கிறாள். தலைப்பு, பள்ளியின் பெயர், இசை எதுவும் கிடையாது. முதல் 8 விநாடி அவ்வளவுதான். பிறகு அந்தக் கதையில் என்ன நடந்தது என்று அவளே தன் பேச்சில் சொல்கிறாள், இதற்கு 20 விநாடி. எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்தால் ஆண்டு விழா மேடையில் ஒப்பிக்கிற மாதிரி ஆகிவிடும். கேமராவுக்குப் பக்கத்தில் அவளுடைய டீச்சரை உட்கார வைத்து, “அந்த நரி அப்புறம் என்னம்மா பண்ணுச்சு?” என்று கேட்கச் சொல்லுங்கள், கேள்வியை வெட்டிவிட்டுப் பதிலை மட்டும் வைத்துக்கொள்ளலாம். கடைசியாக, “இது டீச்சர் வீட்டிலிருந்து கொண்டு வந்த புக், நாளைக்குத் திருப்பித் தரணும்” என்கிற மாதிரி ஒரு வாக்கியம் அவள் வாயில் தானாக வந்தால் உங்கள் பிரச்சினை என்ன என்பது ஒரு சோக இசையும் இல்லாமல் புரிந்துவிடும்.

பிள்ளையைக் காட்டுவதற்குப் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும், தலைமையாசிரியரின் அனுமதியும் வேண்டும், திரையில் பெயர் போடக் கூடாது. முக்கியமாக, பணத்தைப் பிள்ளை கேட்கக் கூடாது. “அண்ணா அக்கா, உதவி பண்ணுங்க” என்று ஒரு குழந்தையைச் சொல்ல வைக்கிற வீடியோக்கள் நிறைய வருகின்றன, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கேட்பது பெரியவர்களின் வேலை.

நடுப்பகுதி: இரண்டு கேள்விக்கு இரண்டு பதில்

28-ஆவது விநாடியிலிருந்து 65 வரை டீச்சர் பேசலாம். அரசு தருவதில்லையா என்ற கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் நூலக மானியம் இருக்கிறது, பள்ளியின் நிலையைப் பொறுத்து ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை. உங்கள் பள்ளிக்கு வந்தது எவ்வளவு, அதில் என்ன வாங்கினீர்கள் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி, வாங்கிய புத்தகங்களைக் காட்டுங்கள். “அரசு கொடுத்ததில் இந்த 90 புத்தகம் இருக்கிறது, பிள்ளைகள் எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டார்கள்” என்று சொன்னால் கேட்பவருக்கு மரியாதை வரும். எதுவுமே இல்லை என்று சொன்னால், அந்த ஊரிலேயே இருக்கும் யாராவது ஒருவர் குழுவில், “போன வருஷம் ஒரு பெட்டி வந்துச்சே?” என்று கேட்பார், அதோடு வசூல் நின்றுவிடும்.

பீரோ கேள்விக்கு வாயால் பதில் சொல்வதைவிடக் கையால் காட்டுவது நல்லது. இருக்கிற புத்தகங்களை வைத்தே படப்பிடிப்புக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு இரவல் நோட்டைத் தொடங்கிவிடுங்கள், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் அதை நடத்தட்டும். ஒரு பையன் புத்தகத்தின் எண்ணையும் தேதியையும் நோட்டில் எழுதுகிற காட்சி 5 விநாடி போதும். நோட்டில் பெயர்கள் தெரியாதபடி கோணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அறை எப்போது திறந்திருக்கும், சாவி யாரிடம் இருக்கும் என்று டீச்சர் சொல்லட்டும். மதிய இடைவேளையிலும் சாயங்காலம் ஒரு மணி நேரமும் என்று சொன்னால் அது வாக்குறுதியாகிவிடும், பிறகு காப்பாற்றியாக வேண்டும்.

ஒலி பற்றி ஒன்று. காலி அறையில் பேச்சை எடுத்தால் எதிரொலிக்கும், போனில் கேட்கும்போது ஒரு வார்த்தையும் புரியாது. காட்சியைக் காலி அறையில் எடுங்கள், பேச்சை மரத்தடியிலோ பைகளும் பிள்ளைகளும் நிறைந்த வகுப்பிலோ எடுங்கள், ஃபேனை நிறுத்திவிட்டு, சட்டையில் செருகுகிற காலர் மைக் ஒன்றோடு. சத்தமில்லாமல் பார்ப்பவர்களுக்காகப் பேச்சு முழுவதையும் கீழே பெரிய எழுத்தில் இரண்டு வரியாகப் போடுங்கள். சினிமாப் பாட்டு எதையும் பின்னணியில் வைக்காதீர்கள், யூடியூபில் ஏற்றியதும் உரிமைப் பிரச்சினை வரும். அப்புறம், ஒன்றரை நிமிடத்துக்கு எழுதும் பேச்சு 130 சொற்களைத் தாண்ட வேண்டாம், நிதானமாகப் பேசினால் தமிழில் அவ்வளவுதான் பிடிக்கும்.

கடைசிக் கோரிக்கை: மூன்று வகை

“உங்களால் இயன்றதைத் தாருங்கள்” என்பது பணிவான வாக்கியம், நம் வாயில் இயல்பாக வருவதும் அதுதான். ஆனால் அது பார்ப்பவரிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறது. 100 ரூபாய் தந்தால் கேவலமாக இருக்குமோ, 1,000 தந்தால் இந்த மாதம் இடிக்குமோ என்று அவர் யோசிக்க ஆரம்பிப்பார், யோசிக்கிறவர் அன்றைக்குத் தரமாட்டார்.

500 தந்தால் ஐந்து புத்தகம், 2,500 தந்தால் ஒரு பாய் வரிசை, 8,000 தந்தால் அலமாரியில் உங்கள் பெயர் என்று படிப்படியாகக் காட்டுவது இரண்டாவது வகை. அச்சிட்ட நோட்டீஸில் இது நன்றாக இருக்கும், ஏனென்றால் கையில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். வீடியோவில் மூன்று தொகை ஓடி மறைந்தால் ஒன்றும் நிற்காது. அலமாரியில் பெயர் போடுவதிலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. 500 ரூபாய் தந்த கட்டடத் தொழிலாளியின் பெயர் எங்கேயும் இருக்காது, அவர் பிள்ளை அந்த அலமாரியில்தான் புத்தகம் எடுக்கப் போகிறது.

மூன்றாவது, ஒரே தொகை, ஒரே வழி, ஒரே தேதி. நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். நம் பள்ளிக்கு அது இப்படி வரும், பேசுவது மேலாண்மைக் குழுவில் இருக்கும் ஒரு அம்மா:

“புத்தகம், அலமாரி, பாய், ஃபேன், அடுத்த வருஷத்துப் புதுப் புத்தகம் எல்லாம் சேர்த்து 240 பேர் ஆளுக்கு 500 கொடுத்தா எங்க நூலகம் முழுசா முடியும். அதுல ஒருத்தரா நீங்க வாங்க. ஜூன் 30-க்குள்ள பள்ளி மேலாண்மைக் குழு கணக்குக்கு அனுப்புங்க. ஜூலை 15 அன்னிக்கு பிள்ளைங்க கதவைத் திறப்பாங்க.”

ஜூலை 15 காமராஜர் பிறந்த நாள், பள்ளிகளில் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடப்படுவது. எப்படியும் விழா நடக்கும், ஊர் கூடும், அதனால் அந்தத் தேதி தள்ளிப்போகாது. இதற்கு ஏற்றபடி படப்பிடிப்பை ஆண்டுத் தேர்வுக்கு முன்னால், மார்ச்சிலேயே முடித்துவிடுங்கள். மே மாதம் பள்ளியில் பிள்ளைகள் இருக்கமாட்டார்கள்.

அந்த அம்மா பேசி முடித்ததும் திரை அப்படியே 8 விநாடி நிற்க வேண்டும்: தொகை, கணக்கின் பெயர், யுபிஐ முகவரி, கடைசித் தேதி. க்யூஆர் மட்டும் போட்டால் ஒரு சிக்கல் இருக்கிறது. வீடியோ ஓடுவதே அவர் போனில்தான், அதே போனால் அதை எப்படி ஸ்கேன் செய்வது? ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் செயலியில் ஏற்றத் தெரிந்தவர்கள் செய்வார்கள், வயதில் பெரியவர்கள் விட்டுவிடுவார்கள். அதனால் யுபிஐ முகவரியை வீடியோவுக்குக் கீழே செய்தியாகவும் அனுப்புங்கள், தொட்டு நகலெடுக்க வசதியாக இருக்கும். மண்டபத்தில் போடும் நாலு நிமிடப் படத்தில் நிலைமை தலைகீழ், அங்கே க்யூஆர்தான் சிறந்தது. படம் முடிந்த பிறகும் அதைத் திரையிலேயே விட்டுவைத்துவிட்டு விளக்கைப் போடுங்கள், பேச்சாளர்கள் அப்புறம் பேசட்டும்.

பணம் ஒரு ஆசிரியரின் சொந்த ஜிபே எண்ணுக்குப் போவது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். அவர் எவ்வளவு நேர்மையானவர் என்றாலும், அனுப்பும்போது திரையில் தனிநபர் பெயர் வந்தால் பாதிப் பேர் கை நிற்கும். குழுவின் கணக்குக்கு நன்கொடை வாங்குவதைப் பற்றி வட்டாரக் கல்வி அலுவலகத்தில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். வருமான வரிச் சலுகை கிடைக்கும் என்று வீடியோவில் சொல்வதானால் பணம் வாங்கும் அமைப்புக்கு அதற்கான வருமான வரிப் பதிவு இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தப் பேச்சே எடுக்க வேண்டாம்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தனி வாக்கியம் தேவை. துபாயில் வேலை பார்க்கும் நம்ம ஊர்க்காரர் இந்தியப் பாஸ்போர்ட்டில் இருந்தால், வங்கி வழியாக அவர் தன் சேமிப்பிலிருந்து அனுப்புவது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்ட முன்னாள் மாணவர் அனுப்பினால் ஆகும், அதற்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும், சாதாரண ஊர்க் குழுவிடம் அது இருக்காது. இதை வீடியோவில் விளக்க நேரமில்லை, கூட அனுப்பும் செய்தியில் “இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் மட்டும்” என்று எழுதினால் போதும். மற்றவர்களிடம் பேசிப் புரியவைக்கலாம்.

எந்த வீடியோ வேலை செய்தது என்று பிறகு எப்படித் தெரியும்? வாட்ஸ்அப் அதைக் காட்டாது. இதற்கு ஒரு சின்ன வழி, பெற்றோர் குழுவுக்கு அனுப்பும் பிரதியில் 500, முன்னாள் மாணவர் குழுவுக்கு 501, ரீல்ஸ் துண்டில் 502 என்று தொகையை மாற்றிவிடுங்கள். வங்கி அறிக்கையைப் பார்த்தாலே எது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். அனுப்புவதற்கு முன்னால் வீடியோவை இந்த வேலையில் சம்பந்தமில்லாத மூன்று பேரிடம் சத்தமில்லாமல் காட்டி, எவ்வளவு, யாருக்கு, எந்தத் தேதிக்குள் என்று கேளுங்கள். மூவரில் ஒருவர் தடுமாறினாலும் கடைசி 25 விநாடியைத் திரும்ப எடுங்கள், மற்றதைத் தொட வேண்டாம்.

அனுப்பிய ஐந்தாம் நாள் அதே அம்மாவை வைத்து 15 விநாடியில் இன்னொன்று எடுத்து அதே குழுக்களில் போடுங்கள், “240 பேரில் இத்தனை பேர் வந்துட்டாங்க, இன்னும் இத்தனை பேர் வேணும், ஜூன் 30 கடைசி” என்று மட்டும்.